எழுத்தில்லாமல் வந்த ஐந்து படங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், புகார்ப் பதிவேட்டைக் கவனித்துவரும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



எனக்குக் கொடுத்திருக்கும் இருபது நிமிடத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறேன். நம் சங்கத்தின் புகார் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கொலாஜ் படங்கள் வருகின்றன. நான்கைந்து போட்டோக்களைக் கட்டம் கட்டமாக ஒட்டி, ஒரே படமாக அனுப்பிவிடுகிறீர்கள். ஒரு போட்டோவுக்கும் பக்கத்துப் போட்டோவுக்கும் சம்பந்தம் இருக்காது. கூடவே ஒரு வரி எழுத்து இருக்காது. சில சமயம் வீட்டு எண்கூட இருக்காது.

அதைத் திறந்து பார்க்கும் தன்னார்வலருக்கு உடனே ஒரு கேள்வி எழும். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதா? அல்லது, "இதில் உங்களுக்கு எது முக்கியம்?" என்று திருப்பிக் கேட்பதா? நம் குழுவில் இரண்டு கட்சியும் உண்டு. கேட்டால் அலட்சியம் என்று நினைப்பார்கள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவோம் என்பது ஒரு கட்சி. ஊகித்துப் பதில் சொல்வது ஆபத்து, முதலில் கேட்டுவிடுவோம் என்பது இன்னொன்று. சென்ற காலாண்டில் வந்த ஒரு கொலாஜை எடுத்துக்கொண்டு, இந்த இரண்டும் தனித்தனியாக ஏன் போதாது என்று சொல்கிறேன். வீட்டு எண்ணையும் மற்ற அடையாளங்களையும் நீக்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு வந்த படம் அது. மேலே பெரிய கட்டத்தில் ஒரு வெள்ளைக் கார், நம் வாகன நிறுத்தத்தில் நிற்கிறது. அதன் கீழே நான்கு சின்னக் கட்டங்கள். ஒன்றில் மின்சார மீட்டர். ஒன்றில் கூரையில் ஈரக் கறை. ஒன்றில் பணம் கட்டியதற்கான யுபிஐ திரைப்படம். கடைசியாக, வலது மூலையில், சுவரில் இருக்கும் ஒரு பிளக் பாயிண்ட். அனுப்பியவர் தனியாக வசிக்கும் ஒரு மூத்த உறுப்பினர்.

பதில் எழுதத் தொடங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, படத்தின் மேல் Forwarded என்ற குறிப்பு இருக்கிறதா என்பது. இருந்தால் அது அவர் வீட்டுப் படமாகவே இல்லாமல் போகலாம். வேறு யாரோ அனுப்பியதை நமக்குத் தள்ளிவிட்டிருக்கலாம். இரண்டாவது, அது உண்மையிலேயே கொலாஜ்தானா என்பது. நான்கோ அதற்கு மேலோ படங்களைச் சேர்த்து அனுப்பினால் வாட்ஸ்அப்பே அவற்றைக் கட்டம்போல அடுக்கிக் காட்டும். தொட்டுத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டமும் தனியாகத் திறந்தால் அவை தனித்தனிப் படங்கள். ஒவ்வொன்றின் மீதும் விரல் வைத்துத் தனியாகப் பதில் சொல்லலாம். திறந்த பிறகும் எல்லாம் ஒரே தாளாக நின்றால், அது ஒட்டிய படம். நான் சொல்லும் சிக்கல் எல்லாம் இந்த இரண்டாம் வகையில்தான்.

என்ன சிக்கல் என்றால், ஒட்டும்போதே நமக்கு வேண்டிய தகவல் குறைந்துவிடுகிறது. கொலாஜ் செயலி ஒவ்வொரு போட்டோவையும் கட்டத்துக்குள் அடங்கும்படி ஓரங்களை வெட்டிவிடும். கதவில் இருந்த வீட்டு எண், சுவரின் மூலை, இது எந்த அறை என்று காட்டும் ஜன்னல் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்திருக்கும். பிறகு வாட்ஸ்அப் முழுத் தாளையும் ஒரே படமாக எடுத்துச் சுருக்கி அனுப்புகிறது. ஒரு படத்துக்குக் கிடைக்க வேண்டிய தெளிவை ஐந்து படங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் மீட்டரில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியாது. எந்தப் படம் எப்போது எடுத்தது என்பதும் தெரியாது. போன வருடத்துக் கறையும் இன்று காலைக் கறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டத்தில் இருப்பதுதான் பெரிய விஷயம் என்று அர்த்தமில்லை. பல செயலிகளில் முதலில் தேர்ந்தெடுத்த படம் பெரிய கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். சில போன்களில் படச் செயலி தானாகவே கொலாஜ் செய்து வைத்துவிடுகிறது. அனுப்பியவர் அதைத் தெரியாமல் தொட்டு அனுப்பியிருக்கவும் கூடும். ஆகவே அளவையும் வரிசையையும் வைத்து முக்கியத்துவத்தை முடிவு செய்யக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் கார் பாதித் தாளை அடைத்துக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டிய படம் கட்டைவிரல் அளவில் மூலையில் இருந்தது.

அந்த மூலைப் படத்துக்கு வருகிறேன். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், பெரிய மூன்று துளை உள்ளது. அதன் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம். இது அழுக்கா, கருகலா? படத்தில் நிறத்தை முழுதாக நம்ப முடியாது, மஞ்சள் விளக்கில் எடுத்தால் வெள்ளை பிளாஸ்டிக்கே பழுப்பாகத்தான் தெரியும். ஆனால் இடத்தை நம்பலாம். கைபட்ட அழுக்கு ஸ்விட்சின் மேலும் அதைச் சுற்றியும் பரவலாகப் படிந்திருக்கும். கருகல் ஒரு துளையை ஒட்டி ஆரம்பித்து வெளியே போகப் போக வெளிறும். துளையின் விளிம்பு கூராக இல்லாமல் உருகி உருண்டிருக்கும், சில சமயம் பிளாஸ்டிக் லேசாக உப்பியிருக்கும். இந்தப் படத்தில் ஒரு துளையில் மட்டும் நிறம், விளிம்பும் சிதைந்திருந்தது.

இது எதனால் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவசரம் புரியும். பிளக் பாயிண்ட்டின் பின்னால் ஒயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்துவிட்டால், அல்லது பிளக்கின் பின்னைப் பிடிக்கும் உள்பித்தளை விரிந்துவிட்டால், அந்த இடத்தில் தொடுப்பு சரியாக இருக்காது. 2000 வாட் கீசர் ஓடும்போது அந்த வழியாக ஏறக்குறைய 9 ஆம்பியர் போகிறது. சரியாகத் தொடாத இடத்தில் அது சூட்டைக் கிளப்பும். சூட்டில் பித்தளை இன்னும் விரியும், தொடுப்பு இன்னும் மோசமாகும், சூடு இன்னும் ஏறும்.

"எம்.சி.பி. இருக்கிறதே, அது விழாதா?" என்று கேட்பீர்கள். விழாது. எம்.சி.பி. அளவுக்கு மீறி மின்னோட்டம் போனால்தான் விழும். இங்கே போவது வழக்கமான அதே 9 ஆம்பியர்தான். கசிவுக்காக வைத்திருக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் மின்சாரம் வெளியே எங்கும் கசியவில்லை. எந்தக் காவலும் எச்சரிக்காமல் ஒரு பிளக் பாயிண்ட் எரிய முடியும் என்பது இதனால்தான்.

இப்போது நம் இரண்டு கட்சிகளையும் இந்தப் படத்தின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். "எது முக்கியம் என்று சொல்லுங்கள்" என்று கேட்டு அனுப்பியிருந்தால், அந்த அம்மா தூங்கப் போயிருப்பார், பதில் மறுநாள் வந்திருக்கும். ஐந்துக்கும் விரிவாகப் பதில் எழுதியிருந்தால், பிளக் பாயிண்ட் பற்றிய வரி ஐந்தாவது பத்தியில் இருந்திருக்கும். நீளமான செய்தியில் வாட்ஸ்அப் முதல் சில வரிகளைத்தான் காட்டும். மீதியைப் படிக்கத் தொட்டுத் திறக்க வேண்டும். எல்லாரும் திறப்பதில்லை.

அன்று முறையில் இருந்த தன்னார்வலர் இரண்டையும் செய்யவில்லை. போன் எடுத்தார்.

"அம்மா, நீங்க அனுப்பின படத்துல ஒரு பிளக் பாயிண்ட் கருகியிருக்கிற மாதிரி தெரியுது. அது உங்க வீட்டுலதானா?"

"ஆமாப்பா, பாத்ரூம் பக்கத்துல. கீசர் பாயிண்ட். ரெண்டு மூணு நாளா அப்படித்தான் இருக்கு."

"இப்ப கீசர் ஓடுதாம்மா?"

"இப்ப இல்ல. காலைல அஞ்சு மணிக்குப் போடுவேன்."

"நாளைக்குப் போடாதீங்கம்மா. இப்பவே கீசரோட எம்.சி.பி.யை இறக்கி வெச்சிடுங்க. பிளக்கைக் கையால இழுக்க வேண்டாம். எது கீசருக்குன்னு தெரியலைன்னா சொல்லுங்க, நான் மேல வரேன்."

அவருக்குத் தெரியவில்லை. தன்னார்வலர் மேலே போய் இறக்கிவைத்துவிட்டு வந்தார். காலையில் எலெக்ட்ரீஷியன் பாயிண்ட்டைக் கழற்றினார். பின்பக்கத் திருகு தளர்ந்து, ஒயரின் மேலுறை இரண்டு அங்குலத்துக்குக் கருகி உதிர்ந்துகொண்டிருந்தது. கருகிய துண்டை வெட்டிவிட்டுப் புதிய பாயிண்ட் போட்டார். கீசரின் பிளக்கில் ஒரு பின் கறுத்திருந்ததால் அதையும் மாற்றினார். பழைய பிளக்கைப் புதிய பாயிண்ட்டில் செருகினால் அதுவும் சீக்கிரம் கருகும்.

ஆகவே முதல் விதி இது: கொலாஜ் வந்ததும் ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கி, காத்திருக்க முடியாதது ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கருகல், தொங்கும் மின்கம்பி, விளக்குப் பொருத்தியிருக்கும் இடத்தை ஒட்டிய ஈரம், மூடியில்லாத சம்ப். இருந்தால் கேள்வியும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம், போன் செய்யுங்கள். உங்கள் ஊகம் தவறாக இருந்தால் நஷ்டம் ஒரு போன் அழைப்புதான். சரியாக இருந்து சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புகையோ தீயோ தெரிந்தால் நமக்காகக் காத்திருக்காமல் 101-ஐ அழைக்க வேண்டும் என்பதை எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து மீதி நான்கு படங்கள். இவற்றில் ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் படத்தை அனுப்ப எத்தனை காரணம் இருக்க முடியும்?

யுபிஐ திரைப்படத்துக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். பராமரிப்புக் கட்டணம் கட்டிவிட்டேன், வரவு வைத்துக்கொள்ளுங்கள். அதில் தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் இருக்கிறது. நம் வங்கிக் கணக்கில் அதே எண் வந்திருக்கிறதா என்று பொருளாளர் பார்த்தால் முடிந்தது. இதற்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கொலாஜில் சுருங்கிய எண்ணை ஊகித்துப் பதிவேட்டில் எழுதக் கூடாது. ஒரு இலக்கம் மாறினால் இன்னொருவர் கட்டிய பணத்தோடு குழம்பும். எண் தெளிவாக இல்லையென்றால் தேதியையும் தொகையையும் வைத்து வங்கிக் கணக்கில் தேடி, அங்கே இருக்கும் எண்ணைத்தான் எழுத வேண்டும்.

கார் அப்படி இல்லை. என் இடத்தில் யாரோ நிறுத்திவிட்டார்கள் என்பது ஒரு காரணம். யாருடைய கார் என்று தெரியவில்லை, விசாரியுங்கள் என்பது இன்னொன்று. காரில் கீறல் விழுந்திருக்கிறது, கேமரா பதிவு வேண்டும் என்பது மூன்றாவது. இது என் கார்தான், ஒட்டுவில்லை கொடுங்கள் என்பது நான்காவது. நான்கு காரணத்துக்கும் நாம் செய்ய வேண்டிய வேலை வேறு. முதலாவதாக எடுத்துக்கொண்டு, எண் தெரியும்படி அந்தப் படத்தைப் பொதுக் குழுவில் போட்டு "இது யார் வண்டி, உடனே எடுக்கவும்" என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் நான்காவதாக இருந்தால், ஒட்டுவில்லை கேட்டவரையே எல்லார் முன்னாலும் குற்றவாளி ஆக்கியிருப்போம். குழுவில் போட்டதை அழித்தாலும், பார்த்தவர்கள் பார்த்ததுதான். அன்று உண்மையில் நான்காவதுதான். மகன் புதிதாக வாங்கி அம்மா வீட்டில் விட்டிருந்த கார் அது.

மீட்டரும் அதே ரகம். நம் ஊரில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். பில் அதிகம் என்று சந்தேகப்பட்டு அனுப்பியிருக்கலாம். திரை தெரியவில்லை என்று அனுப்பியிருக்கலாம். கணக்கெடுப்பவர் வந்துபோன அன்று தனக்காக எடுத்துவைத்த படமாகவும் இருக்கலாம். பில் பற்றியதுதான் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. kWh என்று காட்டும்போது எடுத்த அளவு இரண்டு வேண்டும், முந்தைய கணக்கெடுப்பில் ஒன்று, இப்போது ஒன்று. அந்த வித்தியாசம்தான் செலவான யூனிட். மீட்டர் திரை சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். மின்னழுத்தம், தேதி எல்லாம் வரும். படத்தில் இருப்பது யூனிட் எண்ணே இல்லாமலும் போகலாம். போதாக்குறைக்கு, மீட்டர்கள் எல்லாம் தரைத்தளத்தில் வரிசையாக இருப்பதால், எடுத்தது அவர் வீட்டு மீட்டர்தானா என்று மீட்டர் எண்ணை வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். அந்த எண் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

கூரைக் கறைக்கு வருவோம். இங்கே காரணம் தெளிவு: ஒழுகுகிறது, சரிசெய்யுங்கள். ஆனால் எதைச் சரிசெய்வது என்பது படத்தில் இல்லை. அதைச் சொல்லக்கூடியது நேரம்தான். மழை பெய்த பிறகு மட்டும் ஈரம் கூடினால் மொட்டை மாடியையோ வெளிச்சுவரையோ பார்க்க வேண்டும். மேல்வீட்டில் குளிக்கும்போது மட்டும் கூடினால் கழிவுநீர் போகும் குழாயையோ, தரையில் நீர் இறங்கும் இடத்தையோ பார்க்க வேண்டும். யாரும் எதையும் பயன்படுத்தாத நடுராத்திரியிலும் அதே ஈரம் இருந்தால், எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும் வரவுக் குழாயில் சந்தேகம். இது தெரியாமல் பிளம்பரை அனுப்பினால் அவர் மேல்வீட்டுக் குளியலறையின் டைல்ஸை உடைக்கத்தான் முதலில் கை வைப்பார். அந்த வீட்டுக்காரருக்கும் இவருக்கும் வரும் மனஸ்தாபத்தைப் பிறகு எந்தப் பிளம்பராலும் அடைக்க முடியாது. ஒரு படம் நூறு முறை பார்த்தாலும் சொல்லாததை, அந்த வீட்டில் இருப்பவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார். ஆகவே இங்கே கேட்கத்தான் வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. "எது முக்கியம்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றைச் சொல்வார்கள், மற்றவை விட்டுப்போகும். அல்லது "எல்லாமேதான்" என்று பதில் வரும், நாம் புறப்பட்ட இடத்திலேயே நிற்போம். "இரண்டாவது படம் என்ன?" என்றும் கேட்காதீர்கள். கொலாஜில் இரண்டாவது எது? நமக்கு மேலிருந்து கீழ், அவருக்கு இடமிருந்து வலம். படத்தை அதன் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும். சொல்லி முடித்ததை முதலில் சொல்லி, கேட்பதைக் கடைசியில், ஒரே சொல்லில் பதில் தரும்படி கேட்க வேண்டும். அன்று போன் பேசி முடித்த பிறகு போன செய்தி இது:

"அம்மா, கீசர் பாயிண்ட்டுக்குக் காலை எலெக்ட்ரீஷியன் வருவார், அதுவரை கீசர் போட வேண்டாம். பராமரிப்புப் பணம் கட்டிய படம் பொருளாளருக்குப் போய்விட்டது, ரசீது நாளை வரும். இன்னும் மூன்று படம் இருக்கிறது, மூன்றையும் குறித்துக்கொண்டோம். இவற்றுக்கு மட்டும் சொல்லுங்கள். கூரைக் கறை: மழைக்குப் பிறகா, மேலே குளிக்கும்போதா, எப்போதுமா? வெள்ளைக் கார்: புகாரா, உங்கள் வண்டியா? மீட்டர்: பில் பற்றியா, வேறா? எழுத வேண்டாம், குரல் பதிவாகச் சொன்னாலும் போதும்."

மறுநாள் காலை அரை நிமிடக் குரல் பதிவு ஒன்று வந்தது. கறை மேலே குளிக்கும்போது. கார் மகனுடையது, ஒட்டுவில்லை வேண்டும். மீட்டர் நமக்கில்லை, தனக்கு நினைவுக்காக எடுத்தது, கூடச் சேர்ந்து வந்துவிட்டது. ஆக, ஐந்து படத்தில் ஒன்று போனில் முடிந்தது, ஒன்று கேட்காமலே முடிந்தது, இரண்டு கேட்டதால் சரியான ஆளிடம் போயின, ஒன்று புகாரே இல்லை. ஐந்துக்கும் பதில் எழுதியிருந்தால் மின்வாரியத்துக்கு யாரோ மெனக்கெட்டு எழுதியிருப்பார்கள்.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கொலாஜ் ஒரு செய்தியாக வந்தாலும், அதைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதாதீர்கள். எத்தனை வேலையோ அத்தனை வரி. அன்றையது முதலில் ஐந்து வரியாகப் பதிவாகி, பதில் வந்த பிறகு மீட்டர் வரி காரணத்தோடு அடிக்கப்பட்டது. ஒரே வரியாக எழுதியிருந்தால், எலெக்ட்ரீஷியன் வந்துபோனதும் "முடிந்தது" என்று யாராவது குறித்துவிடுவார்கள். கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும், பதிவேட்டில் எல்லாம் சுபம் என்று இருக்கும். கேட்ட கேள்விக்கு ஒரு நாளில் பதில் வரவில்லையென்றால் ஒருமுறை போனில் கேளுங்கள். அப்படியும் தெரியவில்லையென்றால் "தகவலுக்குக் காத்திருக்கிறது" என்று எழுதித் திறந்தே வையுங்கள். பதில் வராததைப் பிரச்சினை தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதுவரை தன்னார்வலர்களுக்குச் சொன்னேன். இனி அனுப்புகிற உங்களுக்கு. கொலாஜ் அனுப்பாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. எழுதச் சிரமப்படும் பலருக்கு அதுதான் எளிது என்று தெரியும், வந்தால் பார்ப்போம். முடிந்தவர்கள் மூன்று சிறிய உதவி செய்யுங்கள். படங்களை ஒட்டாமல் தனித்தனியாக அனுப்புங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதில் கிடைக்கும். எண்களைப் படிக்க வேண்டிய படம் என்றால், அனுப்பும் முன் மேலே இருக்கும் HD என்ற பொத்தானைத் தொட்டுவிடுங்கள், எழுத்து தெளிவாக வரும். ஒழுகல், விரிசல் போன்றவற்றுக்கு அருகில் ஒன்று, அறை முழுதும் தெரியும்படி தள்ளி நின்று ஒன்று எடுங்கள். இவை எதுவும் முடியாவிட்டால், படத்தோடு வீட்டு எண்ணைச் சொல்லி ஒரு குரல் பதிவு மட்டும் போடுங்கள்.

படத்தை அனுப்பிவிட்டீர்கள் என்பதற்காகக் கருகிய பாயிண்ட்டைத் தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு யாரோ பார்ப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. அப்படி எதையாவது கண்டால் முதலில் எம்.சி.பி.யை இறக்குங்கள், பிறகு போன் செய்யுங்கள், படம் கடைசியில். உங்கள் வீட்டு மின்பெட்டியில் எந்த எம்.சி.பி. எதற்கு என்று எழுதி ஒட்டியிருக்கிறதா என்று இன்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். இல்லாதவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எலெக்ட்ரீஷியனோடு நாங்கள் இருவர் வீடு வீடாக வந்து ஒட்டித் தருகிறோம். தனியாக வசிக்கும் மூத்தவர்கள் வீட்டிலிருந்து தொடங்குவோம்.